போனஃபைடு சான்றிதழும் கட்டணச் சலுகையும் கேட்டு விண்ணப்பம்

காரைக்குடி
08.12.2025

அனுப்புநர்
ச. மீனாள்,
இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு (சுயநிதிப் பிரிவு),
தெற்குத் தெரு, ஆத்தங்குடி,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு முதல்வர் அவர்கள்,
நம் கல்லூரி, காரைக்குடி.

வழி: துறைத்தலைவர், வேதியியல் துறை

பொருள்: நல வாரியக் கல்வி உதவிக்கும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைக்கும் போனஃபைடு சான்றிதழ் இரண்டு பிரதிகள் வேண்டுதல், நான்காம் பருவக் கற்பிப்புக் கட்டணத்தில் பாதியைக் குறைத்து மீதியைத் தவணையில் கட்ட அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் நம் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்காம் பருவக் கட்டணத்தை டிசம்பர் 19-ஆம் தேதிக்குள் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள், அந்தத் தேதிக்குள் முழுத்தொகையையும் கட்ட எங்கள் வீட்டில் இப்போது வழியில்லை. தேதி கடந்த பிறகு வந்து நிற்பதைவிட முன்கூட்டியே உங்களிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அப்பா கல் பதிக்கும் வேலை பார்க்கிறார். எங்கள் ஊர் ஆத்தங்குடிக் கல்லைத்தான் பெரும்பாலும் பதிப்பார். ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளில் பழைய தரையைப் பெயர்த்துப் புதுக் கல் போடும் வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது நாள் முழுக்க முட்டி போட்டே செய்கிற வேலை. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒரு கல்லின் பூவும் பக்கத்துக் கல்லின் பூவும் சேரும் இடத்தில் கோடு விலகாமல் பதித்துக்கொண்டு போக வேண்டும், அவசரப்பட்டால் ஒரு அறையே கோணலாகிவிடும். இத்தனை வருடம் முட்டி போட்டதில் அப்பாவுக்கு வலது முழங்கால் ஜவ்வு தேய்ந்து, போன ஆகஸ்டில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் சிகிச்சைக்கென்று பெரிய செலவு இல்லை. ஆனால் குறைந்தது ஆறு மாதம் முட்டி போடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முட்டி போடாமல் அவர் வேலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செப்டம்பரிலிருந்து அவருடைய கூலி நின்றுவிட்டது.

அதிலும் இந்த நேரத்தில் நின்றதுதான் ரொம்பக் கஷ்டம். தை பிறந்தால் பெரிய வீடுகளில் கல்யாணம் வரும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் சொந்த வீட்டில் வைத்துத்தான் நடத்த வேண்டும் என்று வருவார்கள், அதற்கு முன்னால் ஐப்பசி கார்த்திகையிலேயே தரை வேலை, சுண்ணாம்பு வேலை எல்லாம் நடக்கும். வருடத்தில் நாலு காசு சேர்வது அந்த மாதங்களில்தான். எனக்கும் பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பிக்கும் ஆகிற படிப்புச் செலவை அப்பா அதில் இருந்துதான் ஒதுக்குவார். இந்த வருடம் அது இல்லை.

இப்போது வீட்டுக்கு வருமானம் அம்மா பின்னும் ஓலைக் கொட்டானில் இருந்துதான். ஒரு கொட்டானுக்கு இவ்வளவு என்று கூலி, அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்துக் கூடும் குறையும். கல்யாணச் சீசன் என்பதால் ஆர்டர் இருக்கிறது, அம்மாவும் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து பின்னுகிறார்கள், ஆனால் அது அரிசி பருப்புக்கும் அப்பாவின் மருந்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. நான் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவும் இல்லை. அந்த ஆயிரத்தை அப்படியே கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கிறேன். இணைத்துள்ள வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 84,000 ரூபாய் என்று இருக்கும், அது ஜூன் மாதம் வாங்கியது, அப்பா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது உள்ள கணக்கு. அதனால்தான் மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் போனஃபைடு பற்றி. எனக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார், பதிவும் புதுப்பித்துத்தான் இருக்கிறது. பதிவு பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகள் பட்டப்படிப்பு படித்தால் வாரியம் கல்வி உதவி கொடுக்கிறது, அந்த விண்ணப்பத்தோடு இந்த ஆண்டு நான் இங்கே படிப்பதற்கான சான்று வைக்க வேண்டும். ஒரு பிரதி அதற்கு. இன்னொன்று பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை கல்வி உதவித்தொகைக்கு, யூமிஸ் தளத்தில் என் விவரங்கள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன, சான்றிதழை மட்டும் சேர்க்க வேண்டும்.

சான்றிதழில் என் பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே போடும்படி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுகிறேன். மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, கல்லூரி வருகைப் பதிவேட்டில் முன்னால் இருக்கிறது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இதே காரணத்தால் விண்ணப்பம் திரும்பி வந்து, சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் கடைசித் தேதி முடிந்து, அந்த வருடப் பணமே கைக்கு வரவில்லை. அப்பா பெயர், பாடப்பிரிவு, இரண்டாம் ஆண்டு, 2025-26 கல்வியாண்டு, சுயநிதிப் பிரிவு, விடுதியில் தங்காமல் தினமும் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவி என்ற விவரங்களும், இந்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதும் சான்றிதழில் இருந்தால் இரண்டு இடத்துக்குமே போதும். வாரிய விண்ணப்பத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட நினைக்கிறோம், அதனால் அதை மட்டுமாவது இந்த வாரத்துக்குள் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்து கட்டணம். நான்காம் பருவத்துக்கு மொத்தம் 16,800 ரூபாய். அதில் கற்பிப்புக் கட்டணம் 11,000, ஆய்வகம் 3,000, நூலகம் கணினி முதலியவை 1,300, தேர்வுக் கட்டணம் 1,500. தேர்வுக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் போவது, ஆய்வகத்தில் நாங்கள் உபயோகிக்கும் ரசாயனத்துக்கு ஆகிற செலவும் கண்ணால் பார்ப்பதுதான், அதனால் அவற்றில் சலுகை கேட்கவில்லை. கற்பிப்புக் கட்டணத்தில் மட்டும் பாதி, அதாவது 5,500 ரூபாயை இந்தப் பருவத்துக்குக் குறைத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் குறைத்தால் நான் கட்ட வேண்டியது 11,300 ரூபாய். தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து 4,300 ரூபாயை 19-ஆம் தேதிக்குள் கட்டிவிடுவேன். இதில் 3,000 ரூபாய் புதுக்கோட்டையில் இருக்கும் தாய்மாமா கொடுத்தது, மீதி நான் சேர்த்து வைத்தது. ஜனவரியில் 2,000, பிப்ரவரியில் 2,500, மார்ச்சில் 2,500 என்று மற்ற 7,000 ரூபாயையும் ஹால் டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் முடித்துவிடுவேன். என் 1,000 ரூபாயும், ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதில் வருவதும், அம்மாவின் கல்யாண ஆர்டர் பணத்தில் கொஞ்சமும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. அம்மாவிடம் உட்கார்ந்து பேசித்தான் எழுதியிருக்கிறேன், கட்ட முடியாத தொகையை எழுதவில்லை. தவணைக் காலத்துக்குத் தாமத அபராதம் மட்டும் போடாமல் இருக்க வேண்டும்.

வாரியத்தில் இருந்தோ உதவித்தொகையிலோ பணம் வந்தால் மறைக்க மாட்டேன். வந்த தேதியும் தொகையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், சலுகைத் தொகையில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். எங்கள் வகுப்பிலேயே இன்னும் சிலருக்கு இதே நிலைமைதான், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் மகள் ஒருத்தி இருக்கிறாள், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள். எனக்குத் தேவைப்படாமல் போகும் பணம் அப்படி ஒருவருக்குப் போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

என் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் 74 சதவீதம், இரண்டாம் பருவத்தில் 79 சதவீதம் எடுத்தேன். மூன்றாம் பருவ முடிவு இன்னும் வரவில்லை. அப்பா மருத்துவமனையில் இருந்தபோதுகூட அம்மா பகலில் பார்த்துக்கொண்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், அதனால் வருகைப் பதிவு 88 சதவீதம் இருக்கிறது. அரியர் எதுவும் இல்லை.

நான் வேதியியல் எடுத்ததற்கே அப்பாவின் வேலைதான் காரணம். எங்கள் ஊர்க் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் ஊறப் போடுவார்கள். நெருப்பே படாத கல் தண்ணீருக்குள் கிடந்து எப்படிக் கெட்டியாகிறது என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பேன், சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அது காய்வது இல்லை என்று இங்கே முதலாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு வெளுக்காமல் இருப்பது இரும்பு ஆக்சைடு என்பதால் என்றும் மேடம் சொன்னார்கள், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு உடைந்த கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்.எஸ்சி. முடித்துவிட்டு நம் ஊர் சிக்ரியில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த நிறுவனம் அது, பஸ்ஸில் போகும்போது தினமும் அந்தப் பக்கம் பார்ப்பேன். ஒரு பருவக் கட்டணத்துக்காகப் படிப்பு நடுவில் நின்றுவிடக்கூடாது.

அப்பாவுக்கு மார்ச்சில் மறு பரிசோதனை இருக்கிறது. டாக்டர் சரி என்று சொன்னால் சித்திரையில் இருந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிடுவார், அதனால் அடுத்த ஆண்டுக்குச் சலுகை கேட்கும் நிலைமை வராது என்று நம்புகிறோம். அம்மாவோ அப்பாவோ நேரில் வர வேண்டும் என்றால் சொல்லுங்கள், அம்மா எந்த நாளும் வருவார்கள். அப்பாவுக்கு மாடி ஏற முடியாது, கீழே அலுவலகம் வரைக்கும் வந்து கையெழுத்துப் போடுவார்.

போனஃபைடு சான்றிதழை இந்த வாரத்துக்குள் கொடுக்கவும், கட்டணச் சலுகை பற்றிய முடிவை 19-ஆம் தேதிக்கு முன்னால் தெரிவிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி,
ச. மீனாள்

பெற்றோர் கையொப்பம்: மு. சண்முகம்

இணைப்பு (நகல்கள்): கல்லூரி அடையாள அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், முதல் இரண்டு பருவ மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, அப்பாவின் நல வாரிய அட்டை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, மூன்றாம் பருவக் கட்டண ரசீது.