எங்கே இறங்குவீங்க?

வணக்கம். எல்லாரும் உட்கார்ந்துவிட்டீர்களா? சரி. இங்கே வந்திருப்பவர்களில் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள்.

(கைகளைப் பார்த்து)

அப்படியே வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் அந்தக் கைகளைப் பாருங்கள். ஒரு கைகூட விரிந்து இல்லை. எல்லாம் பாதி மடங்கித்தான் இருக்கிறது. மேலே கம்பியைத் தேடுகிறது அந்தக் கை! இரண்டாவது வரிசையில் இருக்கும் அண்ணன் லேசாக ஆடவும் ஆரம்பித்துவிட்டார். அண்ணே, கையை இறக்குங்கள், இங்கே பிரேக் போட மாட்டார்கள்.

நான் புரசைவாக்கத்தில் ஏறி அடையாறில் இறங்குகிறவள். 29சி. பெரம்பூரில் கிளம்பி பெசன்ட் நகருக்குப் போகும் பஸ். ஏழு வருடமாக அதே பஸ், அதே நேரம்.

ஸ்டாப்பில் நிற்கும்போதே எங்கள் வேலை ஆரம்பித்துவிடும். ஒருவர் ரோட்டில் இறங்கி, கழுத்தை நீட்டி, பஸ் வருகிறதா என்று பார்ப்பார். அவர் பார்ப்பது போதாதா? போதாது. அவர் பார்த்த அதே ரோட்டை அடுத்தவரும் இறங்கிப் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பேர் ரோட்டில் நிற்போம், ஸ்டாப்பில் ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருக்கும்.

அப்புறம், பஸ் எப்போதும் ஸ்டாப்பைத் தாண்டி நாற்பது அடி தள்ளித்தான் நிற்கும். அதனால் அனுபவசாலிகள் முன்கூட்டியே நாற்பது அடி தள்ளிப் போய் நிற்பார்கள். அன்றைக்குப் பார்த்து டிரைவர் சரியாக ஸ்டாப்பில் நிறுத்துவார். அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் ஓடி வரும் அனுபவசாலிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் முகத்தில் தெரிவது கோபம் இல்லை. துரோகம் செய்யப்பட்ட வேதனை.

சரி, ஏறியாச்சு. இப்போதுதான் முக்கியமான வேலை. யார் பக்கத்தில் நிற்பது?

எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள். நாங்கள் அப்படி இல்லை. யார் முதலில் இறங்குவார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தூங்குகிறவர், கடைசி ஸ்டாப். பக்கத்தில் போகவே கூடாது. போன் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். "இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்" என்றால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறவர்தான் நமக்கு வேண்டியவர்.

ஒரு நாள் ஒருவர் ஜிப்பை மூடினார். சுற்றி நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் அரை அடி நகர்ந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தோம். செருப்பை மாட்டினார். ஐயோ, என் பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது! அவர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதனால்தான் எங்கள் பஸ்ஸில் நேராகவே கேட்டுவிடுவோம். "எங்கே இறங்குவீங்க?" வேறு எங்கேயாவது முன்பின் தெரியாதவரிடம் போய் இப்படி விசாரித்தால் சண்டை வரும். பஸ்ஸில் அவர் பதிலும் சொல்வார், "அதோ அந்த நீலச் சட்டை எனக்கு முன்னாடி இறங்குவார், அங்கே போய் நில்லுங்க" என்று வழியும் காட்டுவார்.

பெண்கள் பக்கத்தில் இன்னும் ஒழுங்கான ஏற்பாடு. ஜெமினியில் இறங்கும் ஓர் அக்கா இருக்கிறார். பெரம்பூரிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அவர் தன் சீட்டை உயில் எழுதிவைப்பார். நுங்கம்பாக்கம் வரும்போதே, "நான் எழுந்ததும் அடையாறு உட்காரட்டும்" என்று சுற்றிலும் அறிவித்துவிடுவார். அடையாறு என்பது நான். எங்கள் பஸ்ஸில் யாருக்கும் பெயர் கிடையாது. இறங்கும் இடம்தான் பெயர். அவர் ஜெமினி அக்கா. முன் கம்பியில் சாய்ந்து நிற்கும் கல்லூரிப் பெண் ஸ்டெல்லா மேரிஸ். எனக்கு எதிரி ஒருத்தி இருக்கிறாள், அவள் மந்தைவெளி.

நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பஸ்ஸில் வழக்கம். கேட்கவே வேண்டாம், கை நீண்டு வந்துவிடும். ஜெமினி அக்கா மடியில் என் பை, அதன் மேல் ஸ்டெல்லா மேரிஸ் பை, அதன் மேல் ஒரு பள்ளிக்கூடப் பை, அதன் மேல் யாரோ ஒருவரின் குழந்தை. நிற்கிற நாங்கள் கையை வீசிக்கொண்டு நிற்போம். உட்கார்ந்திருப்பவருக்குத்தான் மூச்சு முட்டும்.

என் பையைத் தினமும் மடியில் வைத்து வைத்து, அக்காவுக்கு எங்கள் வீட்டு நிலவரமே தெரிந்துவிட்டது. ஒரு நாள் பையை வாங்கினார், மடியில் வைத்தார், ஒரு நிமிடம் யோசித்தார். "டப்பா லேசா இருக்கே. அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றார்.

போயிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரிதான் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார்கள். எங்கள் எதிர்வீட்டுக்கே அது தெரியாது.

அப்புறம் டிக்கெட். கண்டக்டர் பின்னால் தன் சீட்டில் இருப்பார். முன்னால் நிற்கிறவர் ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து, "ஒரு மயிலாப்பூர், பாஸ் பண்ணுங்க" என்பார். அந்த நோட்டு இருபது கை மாறிப் போகும். வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை திரும்பி, "காலையிலேயே ஐநூறா?" என்று முன்னால் பார்ப்பார்கள். பின்னால் இருந்து கண்டக்டர் குரல் வரும்: "சில்லறை இல்லையா?" அந்தக் கேள்வியும் இருபது வாய் மாறி முன்னால் போகும். கடைசியில் பஸ்ஸே சேர்ந்து சில்லறை தேடும். நூறு நூறாக நான்கு நோட்டு, பத்து ரூபாய் கட்டு, டிக்கெட், எல்லாம் அதே இருபது கை வழியாகத் திரும்பி வரும். ஏழு வருடத்தில் ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால்கூட மீதிச் சில்லறைக்கு உத்தரவாதம் கிடையாது!

போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் போகவில்லை. எட்டாவது நாள் ஏறினேன். கண்டக்டர், "என்னம்மா, கல்யாணமா?" என்றார். முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல்தான், இப்ப பரவாயில்லை" என்று பஸ்ஸுக்கே சொன்னார். மனசு நிறைந்துபோய் ஜெமினி அக்காவிடம் போனேன். பையை வாங்கிக்கொண்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ வரலையேம்மா. சீட்டை மந்தைவெளிக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

ஏழு வருட உறவு! ஒரு வாரக் காய்ச்சலில் சொத்து கைமாறிவிட்டது. "கவலைப்படாதே, மந்தைவெளி இறங்கினதும் உனக்குத்தானே" என்கிறார் அக்கா. மந்தைவெளிக்கு அப்புறம் அடையாறு எவ்வளவு தூரம் இருக்கிறது? உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்தால் இறங்க வேண்டியதுதான்.

இன்றைக்கு நிகழ்ச்சி இருக்கிறது என்று பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன். மந்தைவெளியும் வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

(மேடையில் இருந்து இறங்கி, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய், மேலே ஒரு கையைத் தூக்கி நின்று)

எங்கே இறங்குவீங்க?