கோயில்காட்டு மரங்களில் எவ்வளவு கார்பன்? விட்ட அளவுகளைக் கொண்டு ஒரு கணிப்பு

முதுகலைத் தாவரவியல், இரண்டாம் ஆண்டு. களப்பணி அறிக்கை, குழு 3
அளவெடுத்த நாட்கள்: 2024 பிப்ரவரி 10, 11, 17

இடமும் வரம்பும்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சிறு கோயில்காட்டில் அளவெடுத்தோம். இது சோழமண்டலக் கரையில் காணப்படும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. காயா (மெமிசைலான், ஊரார் சொல்வது காசான்), வீரை, உலக்கைப்பாலை, நாவல், உசிலை ஆகியவை முக்கிய மரங்கள். பெரும்பாலானவை ஐந்து முதல் எட்டு மீட்டர் உயரமே இருக்கும்.

அய்யனார் காடு என்பதால் ஒரு சுள்ளியைக்கூட யாரும் வெட்டுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் எங்களிடம் மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள்: செருப்பு கூடாது, ஆணி கூடாது, பெயின்ட் கூடாது. அதனால் அளந்த மரத்தை அடையாளம் காண நூல் கட்டினோம், மாலையில் அவிழ்த்துவிட்டோம். ஐந்தாண்டு கழித்து இதே மரங்களை மறுபடி அளக்க நினைப்பவருக்கு எங்கள் வரைபடம் மட்டுமே துணை.

மரத்தை வெட்டி உலர்த்தி எடை போடுவதுதான் உயிர்த்திரளை நேராக அறியும் வழி. அது இங்கே முடியாது, எங்கும் எளிதல்ல. எனவே வேறு காடுகளில் வெட்டி எடைபோட்ட மரங்களிலிருந்து உருவாக்கிய அலோமெட்ரிக் சமன்பாடுகளைப் பயன்படுத்தினோம். விட்டம் தெரிந்தால் எடையைக் கணிக்கலாம் என்பதே அவற்றின் அடிப்படை.

அளந்த முறை

20 மீட்டருக்கு 20 மீட்டராக ஐந்து மாதிரிக் கட்டங்கள், மொத்தம் 0.2 ஹெக்டேர். மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், சுற்றளவு 16 செ.மீ.க்குக் குறையாத தண்டுகளை மட்டும் எடுத்தோம் (விட்டம் சுமார் 5 செ.மீ.). அந்த உயரத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் கழியை மரத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டு நாடாவைச் சுற்றினோம். 312 தண்டுகள் கிடைத்தன. 60 மரங்களுக்கு மட்டும் கிளைனோமீட்டர் கொண்டு உயரம் அளந்தோம். நெருக்கமான கூரைக்கு அடியில் நின்று உச்சியைத் தேடுவது பெரும்பாடு. ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம்.

நாடாவில் தெரிவது சுற்றளவு. சமன்பாடு கேட்பது விட்டம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், இரண்டாம் கட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் சுற்றளவு விட்டமாகவே கணினியில் ஏறிவிட்டது. 44 செ.மீ. சுற்றளவுள்ள காயா மரத்தின் விட்டம் 14 செ.மீ., உயிர்த்திரள் சுமார் 110 கிலோ. அதையே 44 செ.மீ. விட்டம் என்று எடுத்ததால் 1,428 கிலோ வந்தது. விட்டம் மூன்று மடங்கானால் எடை பதின்மூன்று மடங்காகும் இடம் இது. கோயில்காட்டில் இத்தனை தடித்த காயாவா என்று ஒருவர் கேட்ட பிறகே பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம்.

சமன்பாடு

உலர் காடுகளுக்கு ஷாவே குழுவினர் 2005இல் வெளியிட்ட, உயரம் தேவைப்படாத சமன்பாட்டை முதலில் எடுத்தோம்:

```
AGB = ρ × exp(-0.667 + 1.784 ln(D) + 0.207 (ln(D))^2 - 0.0281 (ln(D))^3)
```

AGB என்பது தரைக்கு மேலான உயிர்த்திரள் (கிலோ), D விட்டம் (செ.மீ.), ρ மர அடர்த்தி (கிராம்/கன செ.மீ.). காயாவுக்கு 0.77, பாலைக்கு 0.85 என்று வைத்தோம்.

காயா அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிவது எங்களுக்குப் பெரிய தலைவலி. 6, 7, 8 செ.மீ. விட்டமுள்ள மூன்று தண்டுகள் ஒரே அடியில் நின்றால் என்ன செய்வது? தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் 69 கிலோ. விட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து 12.2 செ.மீ. கொண்ட ஒரே மரமாகக் கருதினால் 81 கிலோ. விட்டங்களையே கூட்டி 21 செ.மீ. என்று எடுத்தால் 278 கிலோ. கடைசி வழி வெறும் பிழை. முதல் வழியைப் பின்பற்றினோம். ஒவ்வொரு தண்டும் தனியாகவே மேலே போகிறது, தனியாகவே கிளைவிடுகிறது என்பதுதான் காரணம்.

முடிவுகள்

தரைக்கு மேலான உயிர்த்திரள், ஹெக்டேருக்கு டன்னில்: 145.5, 109.0, 228.5, 97.5, 132.0. சராசரி 142.5. ஐந்தே கட்டங்கள் என்பதால் 95 சதவீத நம்பக எல்லை ±64 டன். இவ்வளவு அகலமான எல்லையை எழுத வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதுகிறோம்.

மூன்றாம் கட்டம் ஏன் இப்படி எகிறியது? கட்டத்தின் மொத்தம் 9.14 டன், அதில் 5.23 டன் மூன்று பாலை மரங்களுக்கு உரியது (விட்டம் 50, 46, 42 செ.மீ.). அந்தக் கட்டத்தின் உயிர்த்திரளில் 57 சதவீதத்தை மூன்றே மரங்கள் தாங்குகின்றன. கட்டத்தைச் சில மீட்டர் தள்ளி வைத்திருந்தால் எங்கள் சராசரியே மாறியிருக்கும்.

வேருக்கு, ஐபிசிசி 2006 வழிகாட்டியில் வெப்பமண்டல உலர் காட்டுக்குத் தரும் 0.28 என்ற விகிதம். கார்பன் பங்குக்கு அதே வழிகாட்டியின் 0.47. 142.5 × 1.28 × 0.47 = 85.7 டன் கார்பன். கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44/12ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குச் சுமார் 314 டன்.

இங்கே நிறுத்தியிருந்தால் அறிக்கை அழகாக முடிந்திருக்கும். உயரம் அளந்த 60 மரங்களை, அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட உயரம் சேர்ந்த சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தோம்:

```
AGB = 0.0673 × (ρ × D^2 × H)^0.976
```

முதல் சமன்பாட்டில் 11.90 டன் வந்த அதே 60 மரங்கள் இதில் 6.66 டன் மட்டுமே. 11 மீட்டர் உயரமுள்ள பெரிய பாலை 2,070 கிலோவிலிருந்து 1,236 கிலோவாக இறங்கியது. 6 மீட்டரே உயரமுள்ள, 14 செ.மீ. விட்டமுள்ள காயா 110 கிலோவிலிருந்து 52 கிலோவாகப் பாதிக்கும் கீழே போனது. இந்த 0.56 என்ற விகிதத்தை எல்லாத் தண்டுகளுக்கும் பொருத்தினால் ஹெக்டேருக்கு 48 டன் கார்பன்.

48, 86 இரண்டும் ஒரே நாடா அளவிலிருந்து வந்தவை. எங்கள் நாடாப் பிழை எதுவும் இந்த இடைவெளிக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த மரங்கள் தடிமனுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் குட்டையாக நிற்பதால், உயரத்தைக் கேட்காத சமன்பாடு இவற்றை வழக்கமான உயரமுள்ளவையாகக் கருதிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். ஆகவே 48க்கு நெருக்கமான மதிப்பே பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. இரண்டையும் தருகிறோம். 86ஐ மட்டும் தனியாக மேற்கோள் காட்ட வேண்டாம்.

விடுபட்டவை

கொடிகளை அளக்கவில்லை. இந்தக் காட்டில் மரத்துக்கு இணையாகக் கொடிகள் பின்னிக் கிடக்கின்றன. மர விட்டத்துக்கான சமன்பாடு அவற்றுக்குப் பொருந்தாது. பட்டுப்போன மரம், சருகு, மண் ஆகியவையும் கணக்கில் இல்லை. அடுத்த குழுவுக்கு நேரம் இருந்தால் புதிய கட்டங்களைவிட மீதமுள்ள 252 தண்டுகளின் உயரத்தை முதலில் எடுக்கட்டும். கழியைக் கோயில் பூசாரி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறோம்.