மோட்டாரை இறக்கியதும் தண்ணீர் வந்தது ஏன்?

எட்டாம் வகுப்பு அறிவியல், ‘விசையும் அழுத்தமும்’ பாடத்துக்கான வெண்பலகைக் காணொளி. ஏழு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

வரைபவருக்கு: கோடுகள் எல்லாம் கறுப்பு. தண்ணீருக்கு நீலம். சிவப்பு, காற்றின் அழுத்தத்துக்கு மட்டும். வேறு எதற்கும் சிவப்பைத் தொட வேண்டாம். தண்ணீரை மேலே இழுப்பதுபோல ஓர் அம்புக்குறிகூட எங்கும் வரக் கூடாது. பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்தப் படம். ஓர் அம்பு தவறினால் குரல் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. பலரும் வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள், ஆகவே எழுத்தும் எண்ணும் பெரிதாக இருக்கட்டும்.

படம்: வெறும் பலகை. கை ஒரு நீளக் கோடு இழுக்கிறது, அதுதான் தரை. கோட்டுக்குக் கீழே சதுரக் கிணறு, பக்கங்களில் பாறை வெடிப்புகள், ஓரமாக இறங்கும் படிக்கட்டு. கரையில் இரண்டு தென்னை. கிணற்றின் நடுவாக்கில் ஒரு மேடை, அதன்மேல் மோட்டார்.

குரல்: வணக்கம் பிள்ளைகளே. காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு இது. பாறையை வெடி வைத்து உடைத்து இறக்கியது. 90 அடி ஆழம். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் மோட்டார் கரையில் இருக்காது, கவனித்திருப்பீர்கள். கிணற்றுக்குள்ளே மேடை கட்டி, அதன்மேல் வைத்திருப்பார்கள். இந்தக் கிணற்றில் மேடை 45 அடி ஆழத்தில் இருக்கிறது. மார்கழியில் தண்ணீர் மேடைக்கு 15 அடி கீழே நின்றது. மோட்டாரைப் போட்டால் வாய்க்கால் நிறைய ஓடியது.

படம்: நீல மட்டம் மெல்லக் கீழே இறங்குகிறது. பக்கத்தில் ‘சித்திரை’ என்ற சொல். கரையில் அப்புச்சியும் பேத்தியும்.

அப்புச்சி: மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, வாய்க்காலில் ஒரு சொட்டுக் காணோமே, கண்ணு.

பேத்தி: மோட்டார் கெட்டுவிட்டதுங்களா, அப்புச்சி?

குரல்: சித்திரையில் தண்ணீர் மேடைக்கு 36 அடி கீழே போய்விட்டது. மெக்கானிக் வந்தார். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை. செயின் பிளாக் கட்டி, மோட்டாரை இன்னும் 20 அடி கீழே இறக்கி, பாறையில் இரும்புச் சட்டம் அடித்து அதில் உட்கார வைத்தார். சுவிட்சைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டாரும் அதேதான், கரண்டும் அதேதான்.

படம்: கிணறு இரண்டாக, பக்கம் பக்கமாக. இடப்பக்கம்: மோட்டாருக்கு மேலே 45, கீழே 36. வலப்பக்கம்: மேலே 65, கீழே 16. இரண்டுக்கும் அடியில் 81. இந்த எண்களைக் கை ஒவ்வொன்றாக, நிதானமாக எழுத வேண்டும். நான்கு வினாடி குரல் இல்லை. பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும்.

குரல்: தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரம் இரண்டு முறையும் 81 அடிதான். மோட்டார் தனக்கு மேலே 65 அடி தண்ணீரைத் தள்ளுகிறது. கீழே இருக்கும் 36 அடியை மட்டும் ஏன் அதனால் ஏற்ற முடியவில்லை?

பேத்தி: மேலே தள்ளுவது சுலபம், கீழேயிருந்து இழுப்பது கஷ்டமோ?

குரல்: இழுப்பது என்ற வேலையே அங்கே நடக்கவில்லை. இளநீர் குடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

படம்: சீவிய இளநீர், உறிஞ்சு குழல், குழலில் வாய் வைத்த முகம். குழலுக்குள் சிவப்புப் புள்ளிகள். அவை வாய்க்குள் போய்க் குறைகின்றன. பிறகு இளநீரின் மேல்பரப்பில், கீழ்நோக்கி, தடித்த சிவப்பு அம்புகள்.

குரல்: நீங்கள் குழலில் உள்ள காற்றைக் குறைக்கிறீர்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. குழலுக்கு வெளியே, இளநீரின் மேல் காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்தது, வெளியே குறையவில்லை. வெளிக்காற்று இளநீரைக் குழலுக்குள் தள்ளிவிடுகிறது. குழல் நுழைந்த ஓட்டையைச் சுற்றிக் காற்றே புகாதபடி மெழுகால் அடைத்துவிட்டால், இரண்டு மிடறுக்குமேல் வராது.

படம்: பழையதைத் துடைக்கிறது. கட்டைவிரல் ஒன்று. நகத்தின்மேல் சின்னச் சதுரம், ‘1 சதுர செ.மீ.’ அதிலிருந்து பலகையின் மேல் விளிம்பு வரை சிவப்புத் தூண். விளிம்பைத் தாண்டியும் போகிறது என்று காட்ட, பலகையே கீழே நகரட்டும்.

குரல்: காற்றுக்கு எடை உண்டு. உங்கள் கட்டைவிரல் நகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் மேலே, வளிமண்டலம் முடியும் வரைக்கும் நிற்கும் காற்றை எடை போட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ 33 கிராம் வரும். கடல் மட்டத்தில் உள்ள கணக்கு இது. இப்போது அதே ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழாய். அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறோம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம். ஒரு கிலோ 33 கிராம் சேர எத்தனை உயரம் வேண்டும்?

படம்: ஒரு தராசு. இடத்தட்டில் சிவப்புத் தூண், வலத்தட்டில் நீலத் தூண். நீலத்தின் அருகே எண் ஏறுகிறது: 200, 500, 900, 1033 செ.மீ. அந்த எண்ணில் முள் நேராக நிற்கிறது. இந்தப் படம்தான் பாடத்தின் உயிர். நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எங்காவது பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

குரல்: 1033 சென்டிமீட்டர். பத்து மீட்டரும் கொஞ்சமும். அடிக்கணக்கில் 34. அந்த உயரத்தில் தண்ணீர்த் தூணின் எடையும் காற்றுத் தூணின் எடையும் சரிசமம். அதற்குமேல் ஓர் அங்குலம்கூடக் காற்றால் தள்ள முடியாது.

பேத்தி: அப்புச்சி கிணற்றில் 36 அடி!

குரல்: ஆமாம். மோட்டார் இன்னும் பத்து மடங்கு பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிடுவோம்.

படம்: பம்பின் குறுக்குவெட்டு. இம்பெல்லர் சுழல்கிறது, நீலம் விளிம்பை நோக்கிச் சிதறுகிறது, நடுவில் வெள்ளை இடம். கீழே கிணற்று நீர்மட்டத்தின்மேல் சிவப்பு அம்புகள்.

குரல்: இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் சுழலும்போது தண்ணீரை விளிம்புக்கு வீசி, மேல்குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குக் கரண்ட் செலவாகிறது. பெரிய மோட்டாராக இருந்தால் அதிக உயரம் தள்ளும். தண்ணீர் வெளியே போனதால் நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பக் கிணற்றுத் தண்ணீரை அனுப்புவது காற்று. கீழ்க்குழாயில் வேலை செய்வது காற்று, மேல்குழாயில் வேலை செய்வது மோட்டார். மோட்டாரைக் கீழே இறக்கியபோது காற்றின் பங்கு 36 அடியிலிருந்து 16 அடியாகக் குறைந்தது. மோட்டாரின் பங்கு 65 அடியாகக் கூடியது, அதை அது தாங்கிக்கொண்டது.

பம்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு மோட்டாரைப் போடுகிறார்களே, அதற்கும் இதுதான் காரணம். காற்று மிக லேசானது. உள்ளே வெறும் காற்று இருந்தால் இம்பெல்லர் எவ்வளவு சுற்றினாலும் நடுவில் அழுத்தம் போதுமான அளவு குறையாது. ஊற்றிய தண்ணீர் கிணற்றுக்கு ஓடிவிடாமல் குழாயின் அடியில் புட் வால்வு பிடித்து வைக்கிறது.

படம்: பலகை சுத்தம். ஒரு தொட்டி, அதில் கவிழ்த்து நிறுத்திய கண்ணாடிக் குழாய். பாதரசத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். உயரம் 76 செ.மீ.

குரல்: இத்தாலியில் பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. குறிப்பிட்ட உயரத்துக்குமேல் தண்ணீர் ஏறுவதில்லை என்று கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நீர்த்தூண் தன் பாரம் தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவருடைய கடைசி மாதங்களில் உடனிருந்த டாரிசெல்லி வேறு விதமாக யோசித்தார். பத்து மீட்டர் குழாயை வைத்துக்கொண்டு சோதனை செய்வது சிரமம். தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசத்தை எடுத்தால் குழாய் ஒரு மீட்டர் இருந்தால் போதும். 1643இல் சோதனை நடந்தது. பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது. 76ஐ 13.6ஆல் பெருக்குங்கள்.

படம்: 76 × 13.6 = 1033.6. தராசுப் படத்தின் 1033 சிறிதாக மூலையில் வருகிறது.

குரல்: நம் கணக்கும் அவர் குழாயும் ஒரே விடையைச் சொல்கின்றன. பாதரச ஆவி நஞ்சு, அதனால் இதை வகுப்பில் செய்து காட்ட மாட்டேன். நீங்களும் உடைந்த வெப்பமானியை வைத்து விளையாடக் கூடாது. ஐந்து ஆண்டு கழித்து, 1648இல், பிரான்சில் பாஸ்கல் தம் அக்காள் கணவரிடம் இதே குழாயை மலையுச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். உச்சியில் பாதரசம் கீழே இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்குமேல் இருக்கும் காற்று குறைகிறது அல்லவா?

நமக்கும் அது பொருந்தும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரம். இங்கே காற்றால் தண்ணீரைப் பத்து மீட்டர்கூட ஏற்ற முடியாது. குழாயின் உராய்வு, வளைவுகள், இணைப்பில் கசியும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் ஆவியாவது எல்லாவற்றையும் கழித்தால் நடைமுறையில் 25 அடிதான். தண்ணீர் அதற்குமேல் இறங்கும்போது மோட்டாரையும் இறக்கு என்று மெக்கானிக் சொல்வது அனுபவத்தில் கண்ட இயற்பியல்.

படம்: குறுகலான ஆழ்துளை. அடியில் நீர்மூழ்கி மோட்டார், அதன்மேல் அடுக்கடுக்காக இம்பெல்லர்கள். விரைவாக வரையலாம்.

பேத்தி: அப்படியானால் ஆயிரம் அடி போரில் எப்படிங்க தண்ணீர் வருகிறது?

குரல்: அங்கே மோட்டாரே தண்ணீருக்குள் இருக்கிறது. கீழ்க்குழாய் கிடையாது, முழுவதும் தள்ளல்தான். ஒரு இம்பெல்லர் போதாது என்பதால் பலவற்றை அடுக்கி வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தம் சேர்க்கும். நம் ஊரில் ஓடும் கம்ப்ரசர் வேறு வகை. அது காற்றை அடியில் செலுத்துகிறது. குமிழி கலந்த தண்ணீர் லேசாகிறது, சுற்றியுள்ள கனமான தண்ணீர் அதை மேலே தள்ளிவிடுகிறது.

படம்: மலைச்சாலை வளைவுகள், மேலே ‘உதகை, 2240 மீட்டர்’. அடியில் கை எழுதுகிறது: 58 × 13.6 =

குரல்: இனி உங்கள் வேலை. உதகையில் பாதரசம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர்தான் நிற்கும். அங்கே ஒரு கிணற்றில் காற்று தண்ணீரை அதிகபட்சம் எத்தனை மீட்டர் ஏற்றும்? இரண்டாவது கேள்வி: உங்கள் வீட்டுக் கிணற்றிலோ பக்கத்துத் தோட்டத்திலோ மோட்டாருக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அடி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கிணற்றுக்குள் நீங்கள் இறங்கக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. கிணறு இல்லாதவர்கள் மோட்டார் மெக்கானிக் யாரையாவது கேளுங்கள். திங்கட்கிழமை எல்லா எண்களையும் பலகையில் எழுதி, 25 அடியைத் தாண்டியது எது, அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.