வியாழக்கிழமை ஒரு நாள் கேட்லாக் வேலை நடக்காது: லேப்டாப் ரீஇன்ஸ்டால்

வணக்கம் மேடம்,

வரும் வியாழக்கிழமை (கேட்லாக் வேலைக்கு மட்டும்) எனக்கு லீவு. லேப்டாப்பை முழுசா அழித்து விண்டோஸ் 11 போடப் போகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. உங்கள் விலைப்பட்டியல் எல்லாம் இருக்கும் மெஷினை அப்படியே ஓட்ட மனசு வரவில்லை. போதாக்குறைக்கு, போன வாரம் 14-ஆம் பக்கத்தை சேவ் செய்யும்போது இரண்டு தடவை நீலத் திரை வந்து நின்றது.

விண்டோஸ் ஏறுவது ஒரு மணி நேர வேலைதான். அப்புறம் டிசைன் சாஃப்ட்வேர், தமிழ் ஃபான்ட்கள், பிரிண்டர் புரொஃபைல் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவதில்தான் பொழுது போய்விடும். பழைய ஃபான்ட் ஒன்று விட்டுப்போனாலும் உங்கள் தலைப்பெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். புதன்கிழமையே செய்திருப்பேன், அன்று தண்டையார்பேட்டையில் பராமரிப்புக்காகக் கரண்ட் கட். பாதியில் பேட்டரி போனால் வம்பு.

உங்கள் ஃபைல்கள் இரண்டு இடத்தில் காப்பி ஆகிவிடும். ஒன்று ஹார்ட் டிஸ்க், இன்னொன்று கிளவுட். திருத்தம் இருந்தால் புதன் மதியம் 3 மணிக்குள் அனுப்புங்கள், அன்றே முடித்துவிடுகிறேன். வியாழன் அன்று அவசரம் என்றால் போன் செய்யுங்கள், வாட்ஸ்அப்பும் பார்ப்பேன். ஆனால் ஃபைலைத் திறக்க முடியாது.

வெள்ளி காலை 10 மணிக்கு வேலை தொடங்கும். திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போவதில் மாற்றமில்லை.

நன்றி,
செல்வி