24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் கணக்கும்

கிரியேட்டினின் என்பது தசைகளில் உருவாகி இரத்தத்தில் சேரும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. இரத்தத்திலிருந்து அதை நீக்குகின்றன என்ற அளவே கிரியேட்டினின் கிளியரன்ஸ். அதைக் கணக்கிட ஒரு நாள் முழுவதும் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்குச் சிறுநீர் கழித்து, அதைக் கழிவறையிலேயே விட்டுவிடுங்கள். அது இரவு முழுவதும் சேர்ந்த சிறுநீர் என்பதால் கணக்கில் வராது. சிறுநீர் சேகரிக்கும் கேனின் மேல் உள்ள சீட்டில் "தொடக்கம்: ஞாயிறு காலை 6.00" என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் கழிக்கும் ஒவ்வொரு துளியும் கேனில் சேர வேண்டும். திங்கள் காலை 6 மணிக்கு, முட்டவில்லை என்றாலும் முயன்று கழித்து, அதையும் ஊற்றி முடியுங்கள்.

கேனில் நேராகக் கழிக்காமல், சுத்தமான குவளையில் பிடித்து ஊற்றுங்கள். மலம் கழிக்கப் போகும்போதுதான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஆகவே முதலில் சிறுநீரைக் குவளையில் பிடித்துவிட்டு, பிறகு உட்காருங்கள். கேனை ஃபிரிட்ஜில் வையுங்கள். வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அன்று கடும் உடற்பயிற்சியும் அதிக இறைச்சியும் வேண்டாம். மாதவிடாய் நாட்களில் சேகரிக்க வேண்டாம். டிரைமெத்தோப்ரிம், சிமெடிடின் ஆகியவை இரத்தத்தில் கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், இவற்றை உட்கொண்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்; நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ஒருமுறை தவறிவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். வேறொரு நாளில் புதிதாகத் தொடங்கலாம். நாங்கள் யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். திங்கள் காலை முழுக் கேனையும் கொண்டுவந்து கொடுக்கும்போதே இரத்தமும் எடுத்துக்கொள்வோம்.

முடிவைக் கணக்கிடும் சூத்திரம் இது:

```
CrCl (mL/min) = (UCr × V) / (SCr × 1440)
```

`UCr` சிறுநீரிலும் `SCr` இரத்தத்திலும் உள்ள கிரியேட்டினின். இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். `V` மொத்தச் சிறுநீர், மில்லிலிட்டரில். 1440 என்பது 24 மணி நேரத்திலுள்ள நிமிடங்கள்.

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குச் சிறுநீர் 1500 மி.லி., அதில் கிரியேட்டினின் 80 மி.கி./டெ.லி., இரத்தத்தில் 1.2 மி.கி./டெ.லி. என்று கொள்வோம். 80 × 1500 = 1,20,000; 1.2 × 1440 = 1,728; வகுத்தால் நிமிடத்துக்கு 69.4 மி.லி. இதே மனிதர் 300 மி.லி. அளவுள்ள ஒரே ஒரு தடவையைத் தவறவிட்டிருந்தால் விடை 55.6 ஆகக் குறைந்து, சிறுநீரகம் உள்ளதைவிட மோசமாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே சேகரிப்பு முழுமைதானா என்று முதலில் பார்க்கிறோம். இவருடைய சிறுநீரில் ஒரு நாளில் வெளியேறிய கிரியேட்டினின் 1,200 மி.கி., அதாவது கிலோவுக்கு 20 மி.கி. வயதுவந்த ஆண்களுக்குக் கிலோவுக்கு 20 முதல் 25, பெண்களுக்கு 15 முதல் 20 மி.கி. என்பது பொதுவான எதிர்பார்ப்பு. முதியவர்களிடமும் தசை மெலிந்தவர்களிடமும் இது குறைவாகவே இருக்கும் என்பதால், எண் தாழ்ந்திருப்பதை மட்டும் வைத்துச் சேகரிப்பைக் குறைசொல்ல மாட்டோம்.

கிரியேட்டினின் வடிகட்டப்படுவதோடு, சிறுநீரக நுண்குழல்கள் வழியாகவும் ஓரளவு சுரக்கிறது. அதனால் கிடைக்கும் விடை உண்மையான வடிகட்டும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் மருத்துவர் அதை மனத்தில் கொண்டே மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்.