கொடிமேடையிலிருந்து பத்து கன்ட்ரோல்: ஏழாம் வகுப்புக்கு ஓரியண்டீரிங் பாடம்

இடம்: காட்பாடிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி வளாகம், சுமார் 120 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம்
மாணவர்: 36 பேர், மூவர் கொண்ட 12 குழுக்கள்
நேரம்: பிப்ரவரி, முதல் இரண்டு பீரியட், 9.30 முதல் 10.50 வரை. வேலூர் வெயிலில் மதியத்துக்கு மேல் இதை வைக்க வேண்டாம்.

ஓரியண்டீரிங் என்பது வரைபடத்தைப் பார்த்து, அதில் குறித்த இடங்களைத் தேடிப் போகும் விளையாட்டு. அப்படிக் குறித்து அட்டை கட்டிய ஒவ்வோர் இடமும் ஒரு கன்ட்ரோல். மாணவர் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: வரைபடத்தைத் தரைக்கு ஏற்பத் திருப்பிப் பிடிப்பது. வேகம், மதிப்பெண் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முந்தின வாரம்: படம் வரைதல்

டேப்பால் 50 மீட்டர் அளந்து, இயல்பாக நடந்து காலடியை எண்ணவும். மூன்று முறை நடந்து சராசரி எடுக்கவும். 68 காலடி வந்தால் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 14 காலடி. இனி டேப் தேவையில்லை. நீளமான வகுப்பறைக் கட்டடம் 49 காலடி என்றால் 36 மீட்டர். ஒரு செ.மீ.க்கு 5 மீட்டர் என்ற அளவில் அது 7.2 செ.மீ. இந்த அளவில் முழு வளாகமும் 24க்கு 18 செ.மீ.; ஏ4 தாளில் அடங்கும்.

முதலில் மதில், அடுத்து கட்டடங்கள், பிறகு பாதைகள், கடைசியில் மரம், பாறை, கைப்பம்பு. நாளைக்கு இல்லாமல் போகக்கூடிய எதையும் வரைய வேண்டாம். மணல் குவியலையும் ஆசிரியர் பைக்கையும் படத்தில் போட்டால், பாடம் நடக்கும் நாளில் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

கட்டடத்துக்குக் கறுப்புப் பட்டை, பாதைக்கு விட்டுவிட்டுக் கோடு, மரத்துக்குச் சிறு வட்டம், பாறைக்கு அழுத்தமான புள்ளி, குழாய் போன்ற சிறு கட்டுமானத்துக்குப் பெருக்கல் குறி. ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளையில் வரும் என்பதால் வண்ணத்தை நம்ப வேண்டாம். தலைமையாசிரியர் அறை, ஏழாம் வகுப்பு என்றெல்லாம் பெயர் எழுதவும் வேண்டாம். எழுத்து இருந்தால் பிள்ளைகள் எழுத்தைப் படிப்பார்கள். உருவத்தைப் பார்க்க மாட்டார்கள்.

வடக்கு அம்பு போடும்போது திசைகாட்டியை இரும்புக் கொடிக்கம்பத்துக்கும் கான்கிரீட் தூணுக்கும் அருகில் வைக்க வேண்டாம், முள் இழுபடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்து, இன்னொரு இடத்திலும் சரிபார்க்கவும். அளவை எழுத்தில் மட்டும் குறிக்காமல், 4 செ.மீ. கோடு ஒன்று போட்டு '20 மீட்டர்' என்று எழுதவும். ஜெராக்ஸ் இயந்திரம் படத்தைச் சுருக்கினால் கோடும் சேர்ந்தே சுருங்கும், 'ஒரு செ.மீ. 5 மீட்டர்' என்ற வரி மட்டும் பொய்யாகிவிடும்.

சத்துணவுக்கூடம், டிரான்ஸ்பார்மர், கழிவறைத் தொட்டி மூடி, பின்மதில் ஓரத்துச் சீமைக்கருவேலப் புதர் ஆகியவற்றின் மேல் நெருக்கமான சாய்கோடு போடவும். அங்கே போகக்கூடாது என்று பொருள்.

கன்ட்ரோல் அட்டைகள்

போட்டிகளில் 30 செ.மீ. பக்கமுள்ள சதுரக் கொடி. மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் ஆரஞ்சு. நமக்கு 15 செ.மீ. சார்ட் அட்டை போதும். எண் 31இல் தொடங்கட்டும். போட்டிகளிலும் அப்படித்தான்: 1, 2, 3 என்று போட்டால் அது அட்டையின் எண்ணா, போகும் வரிசையா என்று குழப்பம் வரும். ஒவ்வோர் அட்டையிலும் எண்ணோடு ஒரு தமிழ் எழுத்தும் இருக்கட்டும். சேர்த்தால் சொல்லாக வரும் எழுத்துகள் வேண்டாம், பாதியிலேயே ஊகித்துவிடுவார்கள்.

31 – கிழக்கு மதில், வடக்கிலிருந்து மூன்றாவது வேப்பமரம்
32 – கைப்பம்பு மேடையின் தென்புறம்
33 – பெரிய பாறையின் வடபுறம்
34 – தண்ணீர்த் தொட்டியின் தென்மேற்குத் தூண்
35 – நீளக் கட்டடத்தின் வடகிழக்கு வெளிமூலை
36 – இரண்டு பாதை பிரியும் இடத்துப் புங்கமரம்
37 – சைக்கிள் ஷெட்டின் தெற்குக் கடைசித் தூண்
38 – கபடித் திடலின் வடமேற்கு எல்லைக்கல்
39 – கலையரங்க மேடைப் படிக்கட்டின் அடி
40 – புளியமரத்தின் கிழக்குப்புறம்

நான்காவது வேப்பமரத்தில் 41, தொட்டியின் வடமேற்குத் தூணில் 42 என்று இரண்டு பொய் அட்டைகளையும் கட்டவும். 'ஏதோ ஒரு வேப்பமரம்' என்று ஓடும் குழு இங்கே தெரிந்துவிடும்.

அட்டையை இடுப்பு உயரத்தில் சணலால் கட்டவும். ஒளித்து வைக்க வேண்டாம். சரியான இடத்துக்கு வந்தவர் கண்ணில் உடனே பட வேண்டும். இது புதையல் தேடும் விளையாட்டு இல்லை. காலை 8.45க்குக் கட்டி, 9.20க்கு இன்னொருவர் படத்தோடு சுற்றிப் பார்க்கட்டும். பிரேயருக்குள் ஒன்றிரண்டு காணாமல் போவது சகஜம்.

முதல் 20 நிமிடம்

கொடிமேடையில் எல்லாரும் படத்தைக் கையில் வைத்து நிற்கட்டும். படத்தில் கொடிமேடை முக்கோணம். கன்ட்ரோல் ஒவ்வொன்றும் பெரிய வட்டம், இடம் வட்டத்தின் நடுவில்.

சொல்ல வேண்டியது: "நீளக் கட்டடம் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு? படத்துலயும் அது அதே பக்கம் வர்ற மாதிரி தாளைத் திருப்புங்க. எழுத்து தலைகீழா வந்தா வரட்டும். இப்ப நீங்க வலது பக்கம் திரும்புங்க. தாள் திரும்பக்கூடாது, நீங்க மட்டும் திரும்பணும்."

பாதிப் பேர் தாளையும் சேர்த்துத் திருப்புவார்கள். தாளைத் தரையில் வைத்து, அதைச் சுற்றி நடக்கச் சொன்னால் புரிந்துவிடும். இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் அவசரப்பட வேண்டாம்.

'மலை இருக்கிற பக்கம்' என்ற அடையாளம் இந்த ஊரில் செல்லாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை நிற்கும். சூரியன் இருக்கும் திசையே கிழக்கு என்பதும் அந்த நேரத்தில் சரியில்லை. பிப்ரவரி நடுவில் காலை 9.30க்குச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 30 பாகை தெற்கே தள்ளியிருக்கும். கட்டடத்தின் நீளப் பக்கத்தையே பிடித்துக்கொள்ளச் சொல்லவும்.

பிறகு எல்லாரும் சேர்ந்து 36 வரை நடக்கவும். நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நடக்க நடக்க விரலை நகர்த்த வேண்டும்.

அடுத்த 30 நிமிடம்: போய் வருதல்

குழுவுக்கு ஒரு கன்ட்ரோல். போய் எழுத்தைக் குறித்து, கொடிமேடைக்குத் திரும்பி ஆசிரியரிடம் காட்டிவிட்டு அடுத்ததை வாங்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு எண். 11, 12ஆம் குழுக்களை மட்டும் இரண்டு நிமிடம் தாமதித்து அனுப்பவும். ஆறு கன்ட்ரோல் முடித்தால் போதும்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் படம் அடுத்தவர் கைக்கு மாறட்டும். இல்லாவிட்டால் ஒருவர் படிப்பார், இருவர் பின்னால் ஓடுவார்கள். 41 அல்லது 42இன் எழுத்தோடு வரும் குழுவிடம் 'தப்பு' என்று சொல்லி விட்டுவிடாமல், "மூணாவது மரத்தை எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினீங்க?" என்று கேட்டு மறுபடி அனுப்பவும். பெரும்பாலும் தெற்கிலிருந்து எண்ணியிருப்பார்கள்; அதாவது படம் தலைகீழாக இருந்திருக்கிறது.

கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் நோட்டில் எழுதவும். வாசல் கேட்டில் ஒருவர், சத்துணவுக்கூடம் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். மூன்று நீண்ட விசில் என்றால் எந்த நிலையிலும் கொடிமேடைக்கு வந்துவிட வேண்டும்.

கடைசி 30 நிமிடம்

தண்ணீர் குடிக்க 5 நிமிடம். பிறகு 15 நிமிட ஆட்டம்: அருகிலுள்ள நான்கு கன்ட்ரோலுக்குத் தலா 10, நடுத்தூரம் நான்குக்கு 20, கடைசி மூலை இரண்டுக்கு 30, மொத்தம் 180. எந்த வரிசையிலும் போகலாம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 கழிவு. கிளம்புமுன் இரண்டு நிமிடம் உட்கார்ந்து வழியைப் பென்சிலால் வரையாத குழுவை விட வேண்டாம். மூவரும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒருவரை முன்னால் ஓடவிட்டால் மதிப்பெண் இல்லை.

மீதி 10 நிமிடத்தில் இரண்டு குழுக்கள் தாங்கள் வரைந்த வழியையும் உண்மையில் போன வழியையும் ஒரே படத்தில் காட்டட்டும். 34இலிருந்து 37க்குக் கட்டடத்தை எந்தப் பக்கம் சுற்றினால் குறைவு என்று காலடி எண்ணிப் பேசவும்.

நோட்டில் 36 பேரும் திரும்பியதைச் சரிபார்த்து, 12 அட்டைகளையும் அவிழ்த்து எண்ணவும். சணலை மரத்தில் விட்டுவிட வேண்டாம்.