வாரமலர்க் குறுக்கெழுத்து: படத்திலிருந்து எடுத்தெழுதியது

படம் திறக்காதவர்களும் கைப்பேசியில் வாசிக்கக் கேட்பவர்களும் போட்டுப் பார்க்க, கட்டமும் குறிப்புகளும் முழுதாகக் கீழே.

5 வரிசை, வரிசைக்கு 5 கட்டம். `#` கறுப்பு, `.` வெற்றுக் கட்டம், எண் இருந்தால் அங்கே சொல் தொடங்குகிறது.

```
1 . . # 2
. # . # .
. 3 4 # .
# . # # .
5 . . . .
```

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம்: ‘அம்மா’ என்றால் அ, ம், மா என மூன்று.

இடமிருந்து வலம்
1. நம் தேசிய மலர் (3)
5. மன்னன் கோயிலுக்குத் தந்த நிலமும் விளக்கும் சுவரில் இப்படிப் பதிவாகியிருக்கும் (5)

வலமிருந்து இடம்
4. மாசியில் கும்பகோணத்தில் நீராட உகந்த நட்சத்திரம் (3)

மேலிருந்து கீழ்
1. உருட்டி ஆடும் ஆட்டம். ஒன்று விழுந்தாலும் இதே பெயர் (3)
2. தொண்டைக்கு இதமான இனிப்பு. பனையிலிருந்தும் கிடைக்கும் (5)
3. நெய்தல் நிலத்தார்க்கு மீன் தருவது (3)

கீழிருந்து மேல்
4. வைகைக் கரை மாநகர் (3)

அடைப்புக்குள் உள்ள எழுத்து எண்ணிக்கை அச்சில் இல்லை. கட்டங்களை எண்ணிச் சேர்த்தேன். 4இலிருந்து இரண்டு சொற்கள் கிளம்புகின்றன, ஒன்று இடப்பக்கம், ஒன்று மேலே. திசையைக் கவனிக்காமல் வலப்பக்கம் எழுதப் போனால் கறுப்புக் கட்டத்தில் முட்டும்.

படத்தில் தெளிவில்லாத இடங்கள்:

தாளின் மடிப்பு நான்காம் கட்டங்களின் மேல் விழுந்திருக்கிறது. மூன்றாம் வரிசையில் அது கறுப்பா, வெறும் நிழலா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் வலமிருந்து இடம் போகும் சொல்லின் எண் 4, மூன்றாம் கட்டத்தில்தான் இருக்கிறது. நான்காவது வெள்ளையாக இருந்தால் எண் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். எனவே கறுப்பு.

நான்காம் வரிசை மூன்றாம் கட்டம் சாம்பல் நிறம். வெள்ளை என்று கொண்டால் அந்த வரிசையில் குறிப்பே இல்லாத ஈரெழுத்துச் சொல் உருவாகிறது; அதுவும் கறுப்புதான்.

4, வலமிருந்து இடம்: முதல் சொல் ‘மாசி’யா ‘மாசு’வா என்று தெரியாமல் மை பரவியிருந்தது. கும்பகோணமும் நட்சத்திரமும் சேர்ந்து வருவதால் ‘மாசி’.

ஐந்தாம் வரிசையில் யாரோ பென்சிலால் இரண்டு எழுத்து போட்டிருக்கிறார்கள். அது அச்சில்லை, சரியா என்றும் தெரியாது, விட்டுவிட்டேன்.

சரிபார்க்க: 1இன் இரு சொற்களும் 4இன் இரு சொற்களோடு கடைசி எழுத்தில் சந்திக்கும். 3இன் கடைசி எழுத்தே 5இன் இரண்டாவது. 2உம் 5உம் ஒரே எழுத்தில் முடியும்.

விடையைக் கட்டமாக வரைந்து அனுப்பினால் தமிழ் எழுத்தின் அகலம் மாறி வரிசை கலைந்துவிடும். எண், திசை, சொல் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்.